பதினோரு பேரின் ஒரே கடிதம்

காலை ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பிரிஜெட் தன் பெயரைப் போனில் வந்த ஒரு படத்தில் பார்த்தாள். டெலிகிராமில் அவள் சேர்ந்திருந்த மொழிப் பரிமாற்றக் குழு அது. ஜெர்மன் கற்பவர்களும் ஜெர்மானியர்களுமாக நாலாயிரம் பேர் இருந்தார்கள். ஹைக்கே என்ற பெண் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தாள். மேலே பிரிஜெட்டின் முழுப்பெயர், ஈஸ்டர் அன்று எடுத்த அவளுடைய படம், கீழே அவள் செவ்வாய்க்கிழமை அனுப்பிய கடிதம்.

படத்துக்கு அடியில் ஹைக்கே ஜெர்மனில் எழுதியிருந்தாள்: "இந்த வாரம் இதே கடிதம் எனக்குப் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. கமாகூட மாறவில்லை. நான் தனியாக வாழும் பெண், என்னை 'சீமாட்டிகளே, கனவான்களே' என்று அழைக்கிறீர்கள். உங்களில் யாராவது மனிதர் இருக்கிறீர்களா?"

நூற்று நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

பிரிஜெட் ஒரு கால் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்தாள். காது சூடேறியது. பதினோரு பேர் அனுப்பினார்களாம், மாட்டியது அவள் ஒருத்தி. ஒன்பது வருடமாக அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அவளிடம் குரல் உயர்த்திப் பேசத் தயங்குவார்கள். எங்கோ இருக்கும் ஒருத்தி அவளை இயந்திரம் என்கிறாள்.

அனுஷா உள்ளே வந்தாள். டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் கிருஷ்ணகிரிப் பெண், பெங்களூரின் ஜோகுபாளையத்தில் ஒரு லேடீஸ் பிஜி விடுதியில் தங்கியிருந்தாள். பிரிஜெட்டோடு ஒரே பயிற்சி மையத்தில் ஜெர்மன் படிப்பவள்.

"அக்கா, பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன். நீயும்தானே அனுப்பினே?"

"எல்லாரும்தான் அனுப்பினோம். உங்க பேர் மட்டும் வந்துருச்சு." அனுஷா தரையைப் பார்த்தாள். "நல்லவேளை, என்னுது வரலை."

அந்த 'நல்லவேளை'தான் பிரிஜெட்டை எழுப்பியது. மற்றொரு செருப்பையும் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பயிற்சி மையத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்கு அவளுக்கு ஒரே ஒரு தடைதான் பாக்கி. ஜெர்மன் மொழிக்கான பி-டூ தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் அறுபது வேண்டும், அவள் வாங்கியது ஐம்பத்து நாலு. ஐந்து நிமிட உரையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். அது முடிந்ததும் தேர்வாளர், "உங்கள் மருத்துவமனையில் இது எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியும், வாய்தான் எழவில்லை. மனப்பாடம் செய்யாத ஒரு வாக்கியத்தை அவள் ஜெர்மனில் அதுவரை பேசியதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பேசப் பழக ஆள் வேண்டும் என்று கேட்டதற்கு, பயிற்சி மையத்தின் தருண் சார் இந்தக் குழுவின் இணைப்பையும் ஒரு கடிதத்தையும் வகுப்பு வாட்ஸப்பில் போட்டார். "இதை காப்பி பண்ணி அனுப்புங்க, ரெஸ்பான்ஸ் வரும்." தேர்வின் எழுத்துப் பகுதிக்கு அவர் சொல்லித்தரும் அதே வணிகக் கடிதம்: மதிப்பிற்குரிய சீமாட்டிகளே, கனவான்களே, நான் மிகுந்த ஆர்வமுள்ள மாணவி, என் ஜெர்மனை மேம்படுத்த உங்கள் மேலான உதவியை நாடுகிறேன், பதிலாக ஆங்கிலம் கற்றுத்தரத் தயாராக இருக்கிறேன், உங்கள் சாதகமான பதிலை எதிர்நோக்கும்.

பிரிஜெட் அதை இருபத்தாறு பேருக்கு அனுப்பியிருந்தாள். உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக வரிசையாக. இருபத்தைந்து பேர் பதில் சொல்லவில்லை. இருபத்தாறாவது ஆள் அவளுடைய வேறு படம் இருக்கிறதா என்று கேட்டான்.

தருண் சார் மாலை வகுப்புக்காகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லா நர்ஸ்களையும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்.

"சார், இதைப் பாருங்க." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "விடுங்க சிஸ்டர். அந்தம்மா கொஞ்சம் ரூடு. அடுத்த ஆளைப் பாருங்க."

"நீங்க எத்தனை பேருக்குக் குடுத்தீங்க இந்தக் கடிதத்தை?"

"ரெண்டு பேட்ச். அறுபது பேர் இருப்பாங்க."

"அறுபது பேரும் அதே குரூப்புக்கா?"

"இதெல்லாம் நம்பர்ஸ் சிஸ்டர். நூறு பேருக்கு அனுப்பினா ஒருத்தர் ரிப்ளை பண்ணுவார். நீங்க இருபத்தாறோட நிறுத்திட்டீங்க."

"நூறு பேர்ல ஒருத்தருக்கு நான் தேவைப்படணும்னு என்ன இருக்கு? ஜெர்மன்காரங்களுக்கு எதுக்கு சார் என் இங்கிலீஷ்? அவங்க ஸ்கூல்லயே படிச்சிட்டுதானே வர்றாங்க."

"கோவத்துல பேசறீங்க. மனசுல வெச்சுக்காதீங்க, டீ சொல்லட்டா?"

"டீ வேணாம். என் பேர் நாலாயிரம் பேர் முன்னாடி கிடக்கு சார். உங்க பேர் அதுல இல்லை."

அவர் டஸ்டரைக் கீழே வைத்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலிகளில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பிரிஜெட் வெளியே வந்துவிட்டாள்.

ஆஸ்டின் டவுனில் வீட்டுக்கு வந்தபோது தம்பி ஓஸ்வால்ட் வேலை முடிந்து வந்து, சட்டையில் கிரீஸோடு கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் மெக்கானிக். அம்மா மாலைப் பூசைக்குப் போயிருந்தாள். பிரிஜெட் பையைப் போட்டுவிட்டு அப்படியே ஹைக்கேவுக்கு எழுத ஆரம்பித்தாள். ஜெர்மனில் அவள் இத்தனை வேகமாக எழுதியதே கிடையாது. என் பெயரைப் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது, நீ என்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாய், நான் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறேன் தெரியுமா என்று போனது. முடித்துவிட்டு தம்பிக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

ஓஸ்வால்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "செம திட்டு. ஆனா அந்தம்மா இதுக்கு என்ன பதில் போடணும்னு எதிர்பார்க்கறே?"

"ஒண்ணும் போட வேணாம். படிச்சாப் போதும்."

"அப்ப சரி, அனுப்பு. பதில் வேணும்னா மட்டும் யோசி. எங்களுக்கு கம்ப்ளெயின்ட் வரும்ல, 'லிஃப்ட் மோசம், என்னா சர்வீஸ் பண்றீங்க'ன்னு நாலு நிமிஷம் கத்துவாங்க. எனக்குக் கோவம்தான் வரும். 'மூணாவது மாடில கதவு மூடாம நிக்குது'ன்னா டூல்ஸை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். அவ்ளோதான்."

"உன் லிஃப்டும் இதுவும் ஒண்ணா?"

"தெரியலை. அந்தம்மாவுக்கு எந்த மாடில கதவு மாட்டிக்கிச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடிதம் அனுப்பிய இருபத்தாறு பேரில் ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்றுகூட அவள் படித்ததில்லை. அந்தக் குழுவில் புதிதாகச் சேரும் எல்லோரும் ஒரு அறிமுகம் போட வேண்டும்: என்ன மொழி தருவேன், என்ன மொழி தேடுகிறேன், எதற்காக. பிரிஜெட் தேடும் கட்டத்தில் ஹைக்கேவின் பெயரைப் போட்டாள். மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவு வந்தது.

"தருவது ஜெர்மன். தேடுவது தமிழ். என் பெயர் ஹைக்கே, வயது ஐம்பத்தெட்டு, காஸல் நகரில் டிராம் ஓட்டுகிறேன். என் மகள் வேலூர்க்காரர் ஒருவரைத் திருமணம் செய்திருக்கிறாள். இரண்டு வருடமாகப் புத்தகம் வைத்துத் தமிழ் படிக்கிறேன். 'நான் நாளை வருகிறேன்' என்று பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் சம்பந்தியம்மா வீடியோவில் பேசும்போது ஒரு வார்த்தை புரிவதில்லை. அவர் பேசுவது என் புத்தகத்தில் இல்லவே இல்லை. பேச்சு முடியும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார், நான் பேசாமல் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். என் காதுக்கு 'வெட்சிடட்டா' என்று கேட்கிறது. எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை. யாருக்காவது தெரியுமா? வேலை நாட்களில் மதியம் இரண்டு மணிக்குமேல் ஓய்வாக இருப்பேன்."

அதற்குக் கீழே ஒரு பதிலும் இல்லை. மூன்று வாரமாக அந்தக் கேள்வி அங்கேயே கிடந்தது. பதினோரு பேர், அதில் எட்டுப் பேராவது வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அவளுக்கு ஆங்கிலம் கற்றுத்தருவதாக எழுதியிருக்கிறார்கள்.

பிரிஜெட்டுக்கு வந்த கோபம் இப்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவள்மீதே திரும்பியது. இந்தப் பெண்ணின் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் அவள் நெற்றியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்ததுபோல இருந்தது. திட்டி எழுதியதை முழுவதும் அழித்தாள். ஆனால் கோபம் அழியவில்லை. பெயரைப் போட்டது போட்டதுதான்.

மறுபடி எழுதினாள். முதலில் மன்னிப்பில் தொடங்கினாள். படித்துப் பார்த்தால் அதுவும் தருண் சாரின் கடிதம் மாதிரியே குழைந்தது. அழித்தாள். பிறகு தன்னைப் பற்றித் தொடங்கினாள். படித்த கல்லூரி, வேலை அனுபவம், ஆர்வம் என்று பத்து வரி வந்தது. முன்பின் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதற்கு? அதையும் அழித்தாள். மூன்றாவதாக எழுதியது தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம் ஹைக்கே. உங்கள் சம்பந்தியம்மா சொல்வது 'வெச்சிடட்டா' என்று நினைக்கிறேன். 'போனை வைத்துவிடட்டுமா' என்பதுதான் பேச்சில் அப்படிச் சுருங்கிவிட்டது. 'சரி, வைங்க' என்று நீங்கள் சொன்னால் போதும். நீங்கள் ஒன்றும் சொல்லாததால்தான் அவர் திரும்பத் திரும்பச் சத்தமாகக் கேட்கிறார்.

நீங்கள் குழுவில் போட்ட படத்தில் இருக்கும் பெயர் என்னுடையது. உங்கள் பதிவைப் படிக்காமலே அந்தக் கடிதத்தை அனுப்பினேன். அது என் தவறு. என் பெயரையும் முகத்தையும் போட்டது உங்கள் தவறு. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நான் பெங்களூரில் நர்ஸ். பேச்சுத் தேர்வில் 54 வாங்கித் தோற்றேன், கேள்வி கேட்டால் நின்றுவிடுகிறேன். எங்கள் வீட்டுத் தமிழில் கொஞ்சம் கன்னடம் கலந்திருக்கும், கலக்கும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். வியாழன் உங்கள் நேரம் மதியம் இரண்டரைக்கு இருபது நிமிடம் பேசலாமா? பாதி தமிழ், பாதி ஜெர்மன். ஒரு முறை பேசிப் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்."

ஓஸ்வால்டிடம் காட்டவில்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அம்மா கோவிலிலிருந்து வந்து, குக்கர் மூன்று விசில் விட்டு, சோறு எடுத்து வைத்த பிறகு திருப்பிப் பார்த்தாள்.

பதில் வந்திருந்தது.

"படத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் சொல்வது சரி, செய்யக்கூடாத காரியம். வியாழன் சம்மதம். ஆனால் மூன்று மணிக்கு, வண்டியை டிப்போவில் விட்டு வர வேண்டும். இன்னொன்று: அந்த வார்த்தை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து, இரண்டு வருடமாக அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?"

பிரிஜெட் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. சிரித்த கையோடு, இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படமெடுத்து அனுஷாவுக்கு அனுப்பினாள். "பார்த்தியா? மனுஷங்களுக்கு மனுஷங்க மாதிரி எழுதினா வருது."

அந்தப் படத்தை அனுப்பியதைப் பற்றி அவள் இரண்டாம் முறை யோசிக்கவே இல்லை.

நாலு வியாழக்கிழமைகள் பேசினார்கள். ஹைக்கே கண்டிப்பானவள். பத்து நிமிடம் ஆனதும் மொழியை மாற்றுவாள். பிரிஜெட் மனப்பாடத்தில் இருந்து ஒரு வாக்கியம் எடுத்தால் உடனே கண்டுபிடித்து, "இது உன் வாய் இல்லை" என்பாள். பிரிஜெட் அவளுக்கு 'வர்றேன்', 'போய்ட்டு வர்றேன்', 'இருக்கட்டும் பரவால்ல' எல்லாம் சொல்லித்தந்தாள். இருந்தாலும் ஜெர்மன் பாதி வரும்போது அவள் இன்னும் தட்டுத்தடுமாறினாள். ஜெர்மனில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் நின்று, அது ஆணா பெண்ணா என்று யோசித்துத்தான் நகர்ந்தாள்.

ஐந்தாவது வியாழனுக்கு முந்தைய நாள், வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஹைக்கேவின் செய்தி வந்தது.

"இன்று நான்கு பேர் எனக்கு 'வெச்சிடட்டா'வுக்கு அர்த்தம் சொன்னார்கள். நான்கு பேரும் தேர்வில் 54 வாங்கியிருக்கிறார்கள். நான்கு பேர் வீட்டிலும் கன்னடம் கலந்திருக்கிறது. ஹாம்பர்கில் ஒருவர் இந்தி கற்கிறார், அவருக்கும் அவருடைய சம்பந்தியம்மாவைப் பற்றி ஒரு கடிதம் வந்ததாம். அவருக்குத் திருமணமே ஆகவில்லை. அவருக்கு வந்த ஒரு தாளில் நான் உனக்கு எழுதிய பதிலும் இருக்கிறது, என் பெயரோடு. நான் கும்பிட்ட கதையோடு. இது என்ன, பிரிஜெட்?"

கீழே அந்தத் தாளின் படம். தலைப்பில் பயிற்சி மையத்தின் பெயர், 'பதில் வரும் கடிதம் – புதிய மாதிரி', அதன் கீழே அவள் எழுதியது, அதன் கீழே சான்றுபோல ஹைக்கேவின் பதில். யாரோ அவசரத்தில் கடிதத்தை நகலெடுக்காமல் தாளையே ஹாம்பர்க்காரருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பிரிஜெட் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். போனைச் சட்டைப் பையில் போட்டாள். மருந்து கொடுக்கும் நேரத்தில் மனம் அலையக்கூடாது என்று தெரியும், அதனால் ஐந்து நோயாளிகளுக்கும் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, மற்றொரு நர்ஸிடம் சொல்லிவிட்டு டயாலிசிஸ் பிரிவுக்குப் போனாள்.

அனுஷா ஒரு நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்ததும் வெளியே வந்தாள்.

"யார்கிட்ட குடுத்தே?"

"அக்கா, கிளாஸ் குரூப்லதான் போட்டேன். எல்லாரும் எப்படி ரிப்ளை வாங்கினீங்கன்னு கேட்டாங்க. சார் அதை எடுத்து..."

"அதை உனக்குத்தானே அனுப்பினேன். உனக்கு மட்டும்."

"தெரியும்."

"நீயும் அனுப்பினியா?"

அனுஷா ஆமென்று தலையாட்டினாள்.

"எத்தனை பேருக்கு?"

"ஒன்பது." அவள் குரல் இறங்கியது. "எனக்கு எழுத வரலைக்கா. நீங்க எழுதினது வேலை செஞ்சுது. அதையே அனுப்பினா எனக்கும் வரும்னு நினைச்சேன்."

"உனக்குச் சம்பந்தியம்மா இருக்காங்களா? நீ 54 வாங்கினியா? நீ இன்னும் எக்ஸாமே எழுதலைடி."

"திட்டுங்க. ஆனா எனக்கு என்ன எழுதறதுன்னு நிஜமாவே தெரியலை."

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. அடுத்தவ வீட்டுக் கதையைத் திருடாதே." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் பெயர் நாலாயிரம் பேர் முன்னால் வந்தபோது எவ்வளவு துள்ளினாள். ஹைக்கே அவளை நம்பிச் சொன்ன வெட்கக் கதையைப் பெயரோடு வெளியே அனுப்பிய முதல் கை அவளுடையதுதான். அனுஷாவையும் தருண் சாரையும் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அந்த முதல் கையை மறைக்க முடியாது.

மறுநாள் மாலை ஆறரைக்கு, ஜெர்மனியில் மதியம் மூன்று மணிக்கு, ஹைக்கே வீடியோவில் வந்தாள். டிராம் ஓட்டுநரின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வணக்கம் சொல்லவில்லை.

"எப்படி அது வெளியே போனது?" ஜெர்மனில் கேட்டாள்.

பிரிஜெட் சொன்னாள். நான்தான் அனுப்பினேன், ஒரு தோழிக்கு, பெருமைக்காக. நீ என் பெயரைப் போட்டபோது அது உன் தவறு என்று எழுதினேன், அதே காரியத்தை நான் உனக்குச் செய்தேன். அதைச் சொல்லி முடித்ததும் நிறுத்த முடியவில்லை. தருண் சாரைப் பற்றிச் சொன்னாள். அறுபது பேரையும் ஒரே வாயால் பேச வைக்கிற ஆளைப் பற்றி, எங்கள் உரையை நாங்கள் மனப்பாடம் செய்வதைப் பற்றி, கேள்வி வந்தால் வாயடைத்துப் போவதைப் பற்றி, பிறகு எங்கள் கோபத்தைக்கூட அவர் மாதிரிக் கடிதம் ஆக்கிவிடுவார் என்பதைப் பற்றி. வார்டில் புதிய நர்ஸ் ஒருத்தி எல்லா நோயாளியிடமும் "எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே பதிலுக்கு நிற்காமல் போவதைச் சொன்னாள். நான் உனக்கு முதலில் செய்தது அதுதான் என்றாள்.

ஹைக்கேவும் சும்மா இருக்கவில்லை. குறுக்கே பேசினாள். அந்தத் தாள் தன் மகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மருமகன் வீட்டாருக்குப் போனால், அந்த அம்மாளை நான் கேலி செய்தேன் என்று ஆகாதா? பிரிஜெட் அதற்கும் பதில் சொன்னாள். உன் பெயரை எடுக்கச் சொல்லி நாளையே போகிறேன், எடுக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன், ஆனால் ஏற்கனவே போனதைத் திரும்ப வாங்க என்னால் முடியாது, பொய் சொல்ல மாட்டேன்.

இருவரும் மூச்சு வாங்க நின்றபோது முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நிமிடம்கூடத் தமிழ் இல்லை.

"இன்றைக்கு நீ ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை" என்றாள் ஹைக்கே.

பிரிஜெட்டுக்கு முதலில் புரியவில்லை.

"பெயர்ச்சொல் பாதி தப்பு. ஆனால் நிற்கவில்லை." ஹைக்கே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். "எனக்குக் கோபம் தீரவில்லை. அடுத்த வாரம் வரமாட்டேன். அதற்கு அடுத்த வாரம் பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை பிரிஜெட் மையத்துக்குப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றாள். தருண் சார் பேச்சை நிறுத்தினார்.

"சிஸ்டர், வாங்க. உங்க லெட்டர் சூப்பர் ஹிட்."

"அதுல ஒரு அம்மாவோட பேர் இருக்கு சார். அவங்க சொந்த விஷயம் இருக்கு. அதை நான் உங்களுக்குக் குடுக்கலை. எல்லார் முன்னாடியும் இப்பவே டிலீட் பண்ணுங்க."

"பேரை மறைச்சுடறேன். லெட்டர் இருக்கட்டும், பசங்களுக்கு உபயோகமா இருக்கு."

"என்னா உபயோகம்?" அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "இதை அனுப்பினதுல யாருக்காவது பதில் வந்துச்சா? சொல்லுங்க."

யாரும் கை தூக்கவில்லை. பின்வரிசையில் ரோஹன் என்ற பையன் மட்டும், "எனக்கு ஒண்ணு வந்துச்சு மேம். கேள்விக்குறி போட்டு" என்றான். ஹாம்பர்க்காரருக்குத் தாளை அனுப்பியது அவன்தான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். தருண் சார் முகம் சிவந்தது. போனை எடுத்து அந்தத் தாளை வகுப்புக் குழுவிலிருந்து எல்லோருக்குமாக அழித்தார். "வெளியே போனது என் கையில இல்லை" என்றார்.

"தெரியும். என் கையிலயும் இல்லை." அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். "சார், நீங்க கெட்டவர் இல்லை. ஆனா நாங்க யாருக்கு எழுதறோம்னு ஒரு தடவைகூட எங்களைக் கேட்டதில்லை. இனிமே பேச்சு வகுப்புக்கு நான் வரலை."

அவர் எதுவும் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள். அடுத்த பேட்ச்சுக்கு அவர் மறுபடியும் ஒரு மாதிரிக் கடிதம் போடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை நினைத்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

திங்கட்கிழமை மதியம் மருத்துவமனை கேன்டீனில் அனுஷா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"அக்கா, ஒன்பது பேருக்கும் ஸாரி சொல்லி எழுதிட்டேன். அஞ்சு பேர் பிளாக் பண்ணிட்டாங்க."

பிரிஜெட் சாம்பாரை ஊற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு எழுதியிருக்கேன். புதுசா ஒருத்தருக்கு. திட்டறதுன்னா படிச்சிட்டுத் திட்டுங்க." போனை மேசைமேல் தள்ளினாள்.

முதலில் அந்த ஆளின் அறிமுகப் பதிவு. லைப்ஸிக் நகரில் நர்ஸிங் பயிற்சி முதல் வருடம், வயது இருபது. ஆங்கிலம் தேடுகிறான், ஏனென்றால் வார்டில் வெளிநாட்டு நோயாளிகளோடு பேச வேண்டும். கடைசியில், ஊசி குத்தும்போது தனக்குக் கை நடுங்குகிறது, நோயாளி அதைப் பார்த்துவிடுகிறார், ஆங்கிலத்தில் அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தான்.

அனுஷாவின் கடிதம் ஏழு வரிதான். நான் டயாலிசிஸில் வேலை செய்கிறேன், தினமும் தடித்த ஊசி. எனக்கு முதல் நாலு மாதம் நடுங்கியது. மணிக்கட்டை நோயாளியின் கையிலேயே அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், பாதி நடுக்கம் நின்றுவிடும். வாயால் சொல்ல இந்த ஆங்கில வாக்கியம் போதும், என்று ஒரு சின்ன வாக்கியம். பிறகு: என் ஜெர்மன் மோசம், இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை பதினைந்து நிமிடம் பேசலாமா? உங்கள் வார்டில் காலையில் நோயாளியிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தால் போதும்.

பிரிஜெட் இரண்டு முறை படித்தாள். மூன்று இடத்தில் இலக்கணம் தப்பு. அவள் திருத்தவில்லை.

"இது எங்கேர்ந்து எடுத்தே?"

"எங்கேர்ந்தும் இல்லை."

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லை. நீங்க பார்த்தப்புறம்னு..."

"என்னாத்துக்கு நான் பார்க்கணும்? உனக்குத்தானே தெரியும் ஊசி விஷயம்." பிரிஜெட் போனை அவள் பக்கம் திருப்பித் தள்ளினாள். "அனுப்பு."

அனுஷா அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்போது காலை ஒன்பதரை, பையன் வார்டில் இருப்பான்.

"உம்மேல இன்னும் கோவம் போகலை" என்றாள் பிரிஜெட்.

"தெரியும்க்கா."

"சாப்பிடு. ரெண்டு மணிக்கு உனக்கு அடுத்த பேஷன்ட் இருக்கு."